கூட்டு வியாபாரம்: உழைத்த வருடத்தில் இருவருக்கும் நட்டம் என்று கணக்கு வருகிறது, எங்கே பிழை?

லேத்_அம்பத்தூர் | ஏப்ரல் 17, இரவு 9.40

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறோம். கூட்டாளிகள் இரண்டே பேர், நானும் என் தாய்மாமாவும். மாமா மாம்பலத்தில் இருக்கிறார், பட்டறைப் பக்கம் மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். பணம் அவருடையது, கை என்னுடையது. அவர் முதல் 10 லட்சம், என் முதல் 4 லட்சம்.

பத்திரத்தில் உள்ளது இவ்வளவுதான்: முதலுக்கு 8 சதவீத வட்டி. எனக்கு மாதம் 25,000 சம்பளம். சொந்தச் செலவுக்கு எடுக்கும் பணத்துக்கு 10 சதவீத வட்டி. மீதி லாப நட்டம் சரிபாதி.

சம்பளம் போக, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி 10,000 எடுத்திருக்கிறேன். மாமா அக்டோபர் 1ஆம் தேதி மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரே தடவையாக 2 லட்சம் எடுத்தார். மார்ச் 31 வரையிலான கணக்கை எங்கள் பகுதி நேரக் கணக்கர் நேற்று கொடுத்தார்:

```
நிகர லாபம்                    2,95,500
எடுப்பு வட்டி (நான் 6,500 + மாமா 10,000)   16,500
                              3,12,000
முதல் வட்டி (நான் 32,000 + மாமா 80,000)  1,12,000
என் சம்பளம்                   3,00,000
                              4,12,000
நட்டம்                        1,00,000
ஆளுக்கு                         50,000
```

இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையும் இயந்திரம் ஓடியது. "பத்து லட்சம் போட்டவனுக்கு 50,000 நட்டமா? வங்கியில் போட்டிருந்தால் தூங்கிக்கொண்டே சம்பாதித்திருப்பேன்" என்று மாமா தொலைபேசியில் கத்திவிட்டார். எனக்கென்னவோ எடுப்பு வட்டியைக் கணக்கர் தவறாகப் போட்டுவிட்டார் என்று சந்தேகம். 1,20,000க்கு 10 சதவீதம் 12,000 அல்லவா, 6,500 எப்படி வரும்?

---

கணக்கு_சிகாமணி | இரவு 10.05

உங்கள் சந்தேகம் சரி. 1,20,000க்கு 12,000, மாமாவின் 2 லட்சத்துக்கு 20,000, ஆக 32,000 வர வேண்டும். 16,500 போட்டிருப்பது பாதிதான். கணக்கரை மாற்றுங்கள்.

இன்னொன்று. எடுப்பு வட்டி நிறுவனத்துக்கு வருமானம், முதல் வட்டியும் கூட்டாளி சம்பளமும் நிறுவனத்துக்குச் செலவு. எல்லாவற்றையும் லாப நட்டக் கணக்கிலேயே போட்டுவிட்டால், லாபத்தைக் கூட்டாளிகளுக்குப் பிரித்துக் காட்டத் தனியாக ஒரு பகிர்வுக் கணக்கே தேவையில்லை. எங்கள் கடையில் அப்படித்தான் செய்கிறோம்.

---

பிளஸ்டூ_வணிகவியல் | இரவு 10.20

நான் பெரம்பூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். வட்டி மட்டும் கணக்கர் போட்டதுதான் சரி, அண்ணா. ஏப்ரல் முதல் தேதி எடுத்த 10,000 பன்னிரண்டு மாதம் உங்களிடம் இருந்தது. மார்ச் முதல் தேதி எடுத்தது ஒரே மாதம்தான் இருந்தது. 12, 11, 10 என்று 1 வரை கூட்டினால் 78. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஆறரை மாதம். 1,20,000க்கு ஆறரை மாதத்துக்கு 10 சதவீதம் 6,500. மாமா அக்டோபர் 1இல் எடுத்ததால் மார்ச் 31 வரை ஆறு மாதம், 10,000. மாதக் கடைசியில் எடுத்திருந்தால் உங்களுக்கு ஐந்தரை மாதம்தான் வந்திருக்கும்.

தேதி தெரியாவிட்டால் ஆறு மாதம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். நிஜக் கடையிலும் அப்படியா?

---

பழைய_பேரேடு | ஏப்ரல் 18, காலை 6.15

பெரம்பூர்ப் பெண் சொன்னது மிகச் சரி. நிஜக் கடையில் தேதி தெரியாமல் போகாதம்மா, வங்கிப் புத்தகத்தில் இருக்கும். ரொக்கமாக எடுத்துவிட்டு எழுதி வைக்காத கூட்டாளிக்குத்தான் அந்த ஆறு மாதம்.

சிகாமணி சொன்ன இரண்டாவது விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் வினை அங்கேதான் இருக்கிறது என்று என் மூக்கு சொல்கிறது. தங்கசாலையில் 30 ஆண்டு பிறர் பேரேட்டைப் புரட்டியவன். தம்பி அம்பத்தூர், வட்டியை விடுங்கள். லாப நட்டக் கணக்கில் "சம்பளம்" என்ற வரியைப் பாருங்கள். அதில் எவ்வளவு இருக்கிறது? உங்கள் தொழிலாளர்கள் எத்தனை பேர், மாதம் மொத்தம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

---

லேத்_அம்பத்தூர் | காலை 8.50

ஐயா, தொழிலாளர் மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து மாதம் 66,000. லாப நட்டக் கணக்கில் சம்பளம் 10,92,000 என்று இருக்கிறது.

---

பழைய_பேரேடு | காலை 9.10

66,000ஐப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 7,92,000. மிச்சம் 3,00,000 யாருடையது?

---

லேத்_அம்பத்தூர் | காலை 11.30

டேலியைத் திறந்து சம்பளப் பேரேட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 91,000. பட்டியலில் நான்காவது பெயர் என்னுடையது, 25,000. மூன்று தொழிலாளர் பெயருக்குக் கீழே நானும் ஒரு தொழிலாளியாக நிற்கிறேன். பேரேடு `Indirect Expenses` குழுவில் இருக்கிறது.

அப்படியானால் என் சம்பளம் அங்கேயும் கழிந்துவிட்டது, கடைசித் தாளிலும் கழிந்திருக்கிறது. இரண்டு தடவையா?

ஆனால் ஐயா, இருப்புச் சோதனை ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகிறது. 3 லட்சம் இரண்டு தடவை கழிந்தால் எங்கேயாவது இடிக்க வேண்டாமா?

---

பழைய_பேரேடு | காலை 11.55

இடிக்காது. அதனால்தான் இந்தப் பிழை வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். மாதாமாதம் நடந்ததைப் பாருங்கள். சம்பளம் பற்று, வங்கி வரவு. சரியாக இருக்கிறது. வருடக் கடைசியில் பகிர்வுக் கணக்கு பற்று 3,00,000, பட்டறைப் புத்தகத்தில் உங்கள் பெயரில் உள்ள நடப்புக் கணக்கு வரவு 3,00,000. அதுவும் சரியாக இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு கால் உண்டு, ஆகவே தராசு சாயாது. சாய்வது கூட்டாளிகளின் தராசு.

உங்கள் நடப்புக் கணக்கை இப்போது இருப்பது போல எழுதிப் பார்ப்போம். முதலை நிலையாக வைத்து, மற்றவற்றை நடப்புக் கணக்கில் எழுதுகிறீர்கள் என்றும் தொடக்க இருப்பு இல்லை என்றும் வைத்துக்கொள்கிறேன். வரவில் முதல் வட்டி 32,000, சம்பளம் 3,00,000. பற்றில் எடுப்பு 1,20,000, எடுப்பு வட்டி 6,500, நட்டம் 50,000. மீதி 1,55,500 வரவு. அதாவது பட்டறை உங்களுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் தர வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. சம்பளத்தை மாதாமாதம் கையில் வாங்கியவருக்கு!

மாமாவின் கணக்கு: வரவில் வட்டி 80,000. பற்றில் எடுப்பு 2,00,000, வட்டி 10,000, நட்டம் 50,000. 1,80,000 பற்று. அவர் பட்டறைக்குக் கடன்காரர்.

இனி சரியாக எழுதுவோம். மூன்று லட்சத்தைச் செலவிலிருந்து எடுத்துவிட்டால் நிகர லாபம் 2,95,500 அல்ல, 5,95,500.

```
நிகர லாபம்        5,95,500
எடுப்பு வட்டி        16,500
                  6,12,000
முதல் வட்டி       1,12,000
சம்பளம்           3,00,000
                  4,12,000
பகிர வேண்டிய லாபம்  2,00,000
ஆளுக்கு           1,00,000
```

மாதாமாதம் வங்கியிலிருந்து போன 25,000 செலவுப் பேரேட்டில் நிற்கக் கூடாது, உங்கள் நடப்புக் கணக்கில் பற்றாக வர வேண்டும். வருடக் கடைசியில் பகிர்வுக் கணக்கிலிருந்து வரும் 3,00,000 அதை நேர் செய்துவிடும். இப்போது உங்கள் நடப்புக் கணக்கு: வரவு 32,000, 3,00,000, 1,00,000. பற்று 3,00,000, 1,20,000, 6,500. மீதி 5,500 வரவு. மாமாவுக்கு: வரவு 80,000, 1,00,000. பற்று 2,00,000, 10,000. மீதி 30,000 பற்று.

இரண்டு விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழையான கணக்கில் 1,55,500 வரவும் 1,80,000 பற்றும் சேர்ந்து 24,500 பற்று. சரியான கணக்கில் 5,500 வரவும் 30,000 பற்றும் சேர்ந்து அதே 24,500 பற்று. மொத்தம் மாறவே இல்லை. மாமாவின் பையிலிருந்து 1,50,000 உங்கள் பைக்கு மாறியிருக்கிறது. இதைத்தான் ஐந்தொகை காட்டிக்கொடுக்காது என்பது.

---

லேத்_அம்பத்தூர் | மதியம் 12.20

படித்துவிட்டு வாயடைத்துப் போனேன். கத்தியது மாமா. ஆனால் பிழை இருந்தது எனக்குச் சாதகமாக!

இனி கணக்கை முழுவதும் கலைத்து எழுத வேண்டுமா? கணக்கர் வருடத்தை முடித்துவிட்டார்.

---

பழைய_பேரேடு | மதியம் 12.35

டேலியில் வருடத்தை "முடிப்பது" என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பின்தேதியில் போய்த் திருத்தலாம். கணக்குத் தாக்கல் இன்னும் ஆகவில்லை என்பதால் பேரேட்டையே திருத்துவதுதான் நல்லது. உங்கள் பெயரில் உள்ள 25,000 பன்னிரண்டையும் செலவுக் குழுவிலிருந்து உங்கள் நடப்புக் கணக்குக்கு மாற்றுங்கள், லாபம் தானே சரியாகும்.

இதே பிழை போன வருடக் கணக்கிலும் இருந்து, அது ஏற்கெனவே முடிந்திருந்தால், அதற்கு ஒரே ஒரு குறிப்பேட்டுப் பதிவு போதும்: உங்கள் நடப்புக் கணக்கு பற்று, மாமா நடப்புக் கணக்கு வரவு, சம்பளத்தில் பாதி. லாப விகிதம் சரிபாதி என்பதால்தான் பாதி. மூன்றுக்கு இரண்டு என்றிருந்தால் தொகை வேறு. போன வருடச் சம்பளப் பேரேட்டையும் அவசியம் திறந்து பாருங்கள்.

சிகாமணி அவர்களே, இப்போது உங்களுக்கு. கூட்டாளி சம்பளத்தைச் செலவாகவே எழுதினால் எங்கே கெடுகிறது என்று கேட்பீர்கள். ஒரு தடவை மட்டும் எழுதினால் பகிர்வின் விடை மாறாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டறை எவ்வளவு சம்பாதித்தது என்பது மறைந்துபோகும். இந்தத் தம்பியின் பட்டறை 5,95,500 சம்பாதித்தது. அதை யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பது வேறு பேச்சு. கூட்டாளி தனக்குத்தானே வேலைக்காரன் ஆக முடியாது. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவே, பத்திரத்தில் இல்லாவிட்டால் கூட்டாளிக்கு ஊதியம் கிடையாது என்றுதான் ஆரம்பிக்கிறது.

---

கணக்கு_சிகாமணி | மதியம் 1.15

வட்டியில் நான் தேதியைப் பார்க்கவில்லை, தவறுதான். ஆனால் செலவு விஷயத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன். வருமான வரிக்கு முதல் வட்டியும் கூட்டாளி சம்பளமும் செலவாகத்தானே அனுமதிக்கப்படுகின்றன? அரசாங்கமே செலவு என்கிறது, நீங்கள் இல்லை என்கிறீர்கள்.

---

வரி_வாசல் | மதியம் 2.40

தியாகராய நகரில் வரி ஆலோசகராக இருக்கிறேன். சிகாமணி சொல்வது பாதி சரி. வருமான வரிச் சட்டம் ஒரு வரம்புக்குள் அனுமதிக்கிறது. முதல் வட்டி 12 சதவீதம் வரை. உழைக்கும் கூட்டாளியின் ஊதியத்துக்கு, முதல் 6 லட்சம் புத்தக லாபத்துக்கு 3 லட்சம் அல்லது 90 சதவீதம், எது அதிகமோ அது. அதற்கு மேலான லாபத்துக்கு 60 சதவீதம். ஆனால் அந்தப் புத்தக லாபத்தைக் கணக்கிட, ஊதியத்தைக் கழிக்காத லாபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆகவே வரிக்கணக்குக்கும் ஐயா எழுதிய முறைதான் வசதி.

உங்கள் பட்டறைக்கு: 5,95,500உடன் எடுப்பு வட்டி 16,500 கூட்டி, முதல் வட்டி 1,12,000 கழித்தால் 5,00,000. அதில் 90 சதவீதம் 4,50,000. உங்கள் சம்பளம் 3,00,000, வரம்புக்குள் இருக்கிறது. மீதி 2,00,000க்கு நிறுவனம் 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் கட்ட வேண்டும், 62,400. வேறு வரிச் சரிக்கட்டல் எதுவும் இல்லை என்று வைத்துச் சொல்கிறேன்.

ஒரு கேள்வி. 2025 ஏப்ரலில் இருந்து, ஒரு கூட்டாளிக்குத் தரும் சம்பளமும் வட்டியும் சேர்ந்து வருடத்தில் 20,000ஐத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். பிடித்தீர்களா?

---

லேத்_அம்பத்தூர் | மாலை 4.05

சம்பளத்தில் மாதம் 2,500 பிடித்துக் கட்டுகிறோம், 25,000 என்பது அதையும் சேர்த்துத்தான். வட்டிக்குப் பிடிக்கவில்லை. வட்டியைக் கையில் தரவே இல்லையே, புத்தகத்தில் எழுதியதுதானே?

---

வரி_வாசல் | மாலை 4.20

புத்தகத்தில் வரவு வைத்தாலும் பிடிக்க வேண்டும். வரவு வைப்பதும் கொடுப்பதும் எது முந்துகிறதோ அப்போதே கடமை வந்துவிடும். மார்ச் 31இல் எழுதியதற்கு ஏப்ரல் 30 வரை கட்ட நேரம் இருக்கிறது. உங்கள் 32,000க்கு 3,200, மாமாவின் 80,000க்கு 8,000. இருவர் நடப்புக் கணக்கிலும் பற்று எழுதி உடனே கட்டுங்கள்.

---

பழைய_பேரேடு | மாலை 4.45

வரி 62,400ஐ ஒதுக்கினால் இருவர் பங்கிலும் 31,200 குறைந்து ஆளுக்கு 68,800 ஆகும். வட்டிக்குப் பிடிக்கும் வரியும் அவரவர் கணக்கில் இறங்கும். ஆனால் நான் சொன்ன 1,50,000 திருத்தம் அப்படியே நிற்கும். குழம்பாமல் இருக்க வரிக்கு முந்தைய எண்களிலேயே பேசுவோம்.

---

பாரிமுனை_மொத்தம் | மாலை 6.10

எனக்கும் வட்டித் தகராறுதான். பாரிமுனையில் எழுதுபொருள் மொத்த வியாபாரம், மூன்று கூட்டாளிகள். என் முதல் போக, சரக்கு வாங்க 3 லட்சம் தனியாகக் கொடுத்தேன். பத்திரத்தில் வட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த வருடம் கடைக்கு நட்டம். "லாபம் இருந்தால்தான் வட்டி" என்று மற்ற இருவரும் சொல்கிறார்கள். இங்கே முதலுக்கு வட்டி கொடுக்கிறீர்களே, எனக்கு ஏன் இல்லை?

---

பழைய_பேரேடு | மாலை 6.40

நீங்கள் கேட்பது வேறு பண்டம். முதலுக்கு வட்டி பத்திரத்தில் இருந்தால்தான் உண்டு, அதுவும் லாபத்திலிருந்துதான். உங்களுடையது முதலுக்கு மேல் கொடுத்த முன்பணம். அதற்குச் சட்டமே வருடம் 6 சதவீதம் தருகிறது, பத்திரம் பேசாமல் இருந்தாலும். 18,000. இது பகிர்வுக் கணக்குக்கு வராது. லாப நட்டக் கணக்கில் செலவாக எழுத வேண்டும், லாபமா நட்டமா என்று பார்க்க வேண்டியதில்லை. ஆனால் 3 லட்சத்தை உங்கள் முதல் கணக்கில் வரவு வைத்தார்களா, கடன் கணக்கிலா என்று முதலில் பாருங்கள். முதல் கணக்கில் இருந்தால் உங்கள் வாதம் தளர்ந்துபோகும்.

---

பாரிமுனை_மொத்தம் | மாலை 6.55

முதல் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் ஒருவர் என் தம்பி. நாளை காலை கடையில் பேசிக்கொள்கிறேன்.

---

லேத்_அம்பத்தூர் | ஏப்ரல் 19, காலை 7.30

நேற்று இரவு மாமாவிடம் புதிய கணக்கை வாசித்துக் காட்டினேன். 50,000 நட்டம் 1,00,000 லாபமாக மாறியதும் குரல் இறங்கியது. பிறகு கேட்டார்: "எடுப்புக்கு வட்டி என்று 10,000 என்னிடம் பிடிக்கிறாயே, அது யாருக்குப் போகிறது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

---

பழைய_பேரேடு | காலை 8.05

நல்ல கேள்வி. வாத்தியார்கள் கூட இதைக் கேட்பதில்லை. மாமா 10,000, நீங்கள் 6,500, மொத்தம் 16,500 பொதுப்பானையில் விழுகிறது. பானையைச் சரிபாதியாகப் பிரிக்கும்போது ஆளுக்கு 8,250 திரும்பி வருகிறது. ஆகவே மாமா உண்மையில் இழந்தது 1,750. அது உங்களுக்கு வந்தது. அவ்வளவுதான்.

முதல் வட்டியும் அப்படியே. 1,12,000 பானையிலிருந்து முன்கூட்டியே போகிறது. அது போகாவிட்டால் ஆளுக்கு 56,000 கிடைத்திருக்கும். மாமா வாங்குவது 80,000. அவருக்கு உண்மையான ஆதாயம் 24,000, உங்கள் பங்கிலிருந்து. சம்பளத்தில் இதே கணக்கு எதிர்ப்புறம்: உங்கள் 3 லட்சத்தில் பாதி உங்கள் பங்கிலிருந்தே வருகிறது, மீதி 1,50,000 மாமாவின் பங்கிலிருந்து.

பத்திரமே இல்லாமல் இருந்தால் 5,95,500ஐச் சரிபாதியாக ஆளுக்கு 2,97,750. பத்திரத்தால் உங்களுக்கு 4,25,500, மாமாவுக்கு 1,70,000. வித்தியாசம் 1,27,750. அந்த 1,50,000இலிருந்து 24,000ஐக் கழித்து 1,750ஐக் கூட்டினால் அதே எண் வருகிறதா பாருங்கள். பகிர்வுக் கணக்கு பணத்தை உண்டாக்குவதில்லை, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுகிறது. பத்து லட்சத்துக்கு 1,70,000 என்றால் 17 சதவீதம், வரி போனாலும் வங்கியில் இது கிடைக்காது என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

---

வேளச்சேரி_அச்சகம் | காலை 10.30

எல்லாம் லாபம் தாராளமாக இருக்கிற வருடத்தின் பேச்சு. எங்களுக்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர், காகிதக் கட்டுகள் ஊறிப்போயின. அந்த வருடம் லாபம் மிகக் குறைவு. எங்களிடமும் முதல் வட்டி, சம்பளம் இரண்டும் உண்டு. இரண்டையும் கொடுக்க லாபம் போதவில்லை. யாருக்கு முதலில் என்று இரண்டு மாதம் சண்டை. கடைசியில் மச்சான் பாதி மனதோடு விட்டுக்கொடுத்தார். இந்தத் தம்பி இப்போதே அதை முடிவு செய்துகொள்வது நல்லது.

---

பிளஸ்டூ_வணிகவியல் | காலை 10.50

லாபம் போதாவிட்டால் இருக்கிற லாபத்தை அவரவர் கோரும் தொகையின் விகிதத்தில் பிரிக்க வேண்டும் என்று டியூஷனில் சொன்னார்கள்.

---

பழைய_பேரேடு | காலை 11.20

தேர்வுத்தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் உண்டு. பட்டறையில் பத்திரத்தின் வாசகம்தான் பேசும். தம்பியின் பட்டறையிலேயே லாபம் 1,89,500ஆக இறங்கியது என்று வைப்போம், எடுப்பு வட்டி அதே 16,500. பானையில் 2,06,000. கோரிக்கை 4,12,000. சரியாகப் பாதி.

மாணவி சொன்ன முறையில் எல்லாம் பாதியாகும். மாமாவுக்கு வட்டி 40,000. தம்பிக்கு வட்டி 16,000, சம்பளம் 1,50,000.

ஆனால் பத்திரத்தில் "லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 25,000 தரப்பட வேண்டும்" என்று இருந்தால் கதை வேறு. சம்பளம் 3,00,000 முழுதாகப் போகும், பானை 94,000 பள்ளத்தில் இருக்கும். லாபமே இல்லாததால் முதல் வட்டி கிடையாது. பள்ளத்தை ஆளுக்கு 47,000 தாங்க வேண்டும். தம்பிக்கு நிகரம் 2,53,000, மாமாவுக்கு 47,000 நட்டம். அதே பட்டறை, அதே லாபம், ஒரு வாக்கியத்தால் 87,000 இடம் மாறுகிறது.

---

வேளச்சேரி_அச்சகம் | காலை 11.40

எங்கள் பத்திரத்தில் "முதலில் முதல் வட்டி, பிறகு சம்பளம்" என்று வரிசையாக இருந்தது. அதை வைத்து மச்சான் முழு வட்டி கேட்டார். அந்த வாதத்தில் இங்கே மாமாவுக்கு 80,000, தம்பிக்கு வட்டி 32,000, சம்பளத்துக்கு மிஞ்சுவது 94,000. வரிசை என்பது முன்னுரிமையா, வெறும் எழுத்து வரிசையா என்று எங்களுக்கு இன்று வரை தெளியவில்லை.

---

பழைய_பேரேடு | மதியம் 12.00

நான் பார்த்த பத்திரங்களில் பாதிக்கு மேல் வெறும் எழுத்து வரிசைதான், எழுதுபவர் பழைய பத்திரத்தைப் பார்த்து நகல் எடுத்திருப்பார். ஆனால் "முதலில்", "பிறகு" என்ற சொற்கள் இருந்தால் மச்சான் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன். வேறு யாராவது வேறு மாதிரி தீர்த்திருந்தால் எழுதுங்கள்.

---

கணக்கு_சிகாமணி | மதியம் 12.30

சம்பளத்தைச் செலவாக எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வராது என்று நான் முதலிலேயே சொன்னேன்!

---

பழைய_பேரேடு | மதியம் 12.40

சண்டை வராது, ஏனென்றால் மாமா தோற்றுவிட்டது அவருக்கே தெரியாமல் போயிருக்கும்.

---

வரி_வாசல் | மதியம் 1.10

பத்திரத்தைத் திருத்துவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சம்பளம் பற்றிய புதிய விதி, அந்தத் திருத்தப் பத்திரம் எழுதிய தேதியிலிருந்துதான் வரிக்குச் செல்லும், பின்தேதியிட்டுக் கூட்ட முடியாது. இந்த வருடத்துக்கு வேண்டுமானால் இப்போதே எழுதுங்கள், மார்ச்சில் எழுந்து உட்காராதீர்கள்.

---

லேத்_அம்பத்தூர் | இரவு 9.15

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். சம்பள விதியில் "மாதம் ரூபாய் இருபத்தைந்தாயிரம் பெற உரிமையுண்டு" என்று மட்டும் இருக்கிறது. லாபம் பற்றிப் பேச்சே இல்லை. அது எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருடச் சம்பளப் பேரேட்டையும் திறந்தேன். அப்போது என் சம்பளம் 20,000. அதுவும் தொழிலாளர் பட்டியலில்தான் இருக்கிறது, கடைசித் தாளிலும் கழிந்திருக்கிறது. மாமாவுக்கு இன்னும் 1,20,000 தர வேண்டும். அவர் இன்னும் இதைக் கேட்கவில்லை. ஞாயிறு மதியம் அத்தை சமைத்து எடுத்துக்கொண்டு இருவரும் பட்டறைக்கு வருகிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

---

பாரிமுனை_மொத்தம் | இரவு 9.40

சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லுங்கள். நான் இன்று காலை வெறும் வயிற்றில் தம்பியிடம் ஆரம்பித்துவிட்டேன்.